பதினான்கு லட்சம் ஆஃபர், கையில் எழுபதாயிரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு சாயங்காலம் ஆனால் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு யாராவது ஒரு பிள்ளை ஆஃபர் லெட்டரோடு வந்துவிடும். பதினோரு வருடம் பேரோல் பிரிவில் உட்கார்ந்து மற்றவர்களின் சம்பளச் சீட்டைப் போட்டவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். கேட்பது பெரும்பாலும் அதே கேள்விகள்தான். எழுதியே வைத்துவிட்டால் ஆளுக்கு ஒரு டீயாவது மிச்சம்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே லெட்டரை எடுத்துக்கொள்கிறேன். காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவரின் மகள், நான்கு வருட அனுபவம் உள்ள சாஃப்ட்வேர் டெஸ்டர், 2025 மார்ச்சில் கொண்டுவந்தது. சோழிங்கநல்லூரில் ஒரு சின்ன கம்பெனி அவளுக்கு 14 லட்சம் என்றது. கிண்டியில் இன்னொரு கம்பெனி பத்தரை லட்சம் என்றது. அவளுடைய அனுமதியோடு எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், ரூபாயை விடவில்லை.

அண்ணா, 14 லட்சத்தைப் பன்னிரண்டால வகுத்தா மாசம் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் வருது. அவ்வளவு கையில வருமா?

வராது. அவளுக்கு வருவது 70,000. லெட்டரின் கடைசியில் அனெக்ஸர் என்று ஒரு பக்கம் இருக்கும். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு நேராக அங்கே போக வேண்டும். அவளுடையதில் இருந்தது இது, எல்லாம் வருடக் கணக்கு:

பேசிக்: 4,80,000
எச்.ஆர்.ஏ.: 2,40,000
ஸ்பெஷல் அலவன்ஸ்: 1,80,000
கம்பெனி பங்கு பி.எஃப்.: 57,600
கிராஜுவிட்டி: 23,088
மருத்துவக் காப்பீட்டு பிரீமியம்: 14,312
வேரியபிள் பே: 1,25,000
ஜாய்னிங் போனஸ்: 80,000
ஈசாப்: 2,00,000
மொத்தம் சி.டி.சி.: 14,00,000

சி.டி.சி. என்பது உன்னை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு ஆகும் செலவு. உனக்கு வரும் வரவு அல்ல. மீன் கூறு போடுவது மாதிரி இந்த ஒன்பது வரியையும் கூறு போட்டுவிட வேண்டும். மாதா மாதம் வருவது முதல் மூன்று வரி மட்டும்தான்: 9 லட்சம், மாதத்துக்கு 75,000. பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் உனக்கானவை, ஆனால் பூட்டுப் போட்டவை. பிரீமியம் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகிறது. வேரியபிள், வந்தால் வரும். ஜாய்னிங் போனஸ் ஒரே ஒரு தடவை. ஈசாப் பணமே இல்லை, பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற ஓர் உரிமை.

அந்த 75,000-லிருந்து அவள் பங்கு பி.எஃப். 4,800 போகும். மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரி வருடத்துக்கு 2,500-க்கு மேல் போகாது, மாதத்துக்குச் சுமார் 200 என்று வைத்துக்கொள்ளலாம். மீதி எழுபதாயிரம்.

டி.டி.எஸ். பிடிக்க மாட்டாங்களா?

இந்தச் சம்பளத்துக்குப் பிடிக்க மாட்டார்கள். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், நிலையான கழிவு 75,000 போக, வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடியோடு வரி பூஜ்யமாகிவிடும். அவளுக்கு 9 லட்சமும் வேரியபிளும் ஜாய்னிங் போனஸும் முழுதாக வந்தாலே 11,05,000. கழிவு போக 10,30,000. தப்பித்தாள். சி.டி.சி. 14 லட்சம் என்றவுடன் வரியை நினைத்து அவள் அம்மா பயந்ததுதான் மிச்சம்.

பி.எஃப்.ல கம்பெனி போடுறதையும் நம்ம சம்பளம்னு கணக்கு காட்டுறாங்களே, இது ஏமாத்து வேலை இல்லையா?

ஏமாற்று இல்லை, கணக்கு எழுதும் முறை அப்படி. ஆனால் அதைக் கழித்துவிட்டுப் பார்ப்பதும் தப்பு, ஏனென்றால் அது நிஜமாகவே உன் பணம். பேசிக் 40,000-க்கு 12 சதவீதம் 4,800 அவள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், அதே 4,800 கம்பெனியும் போடுகிறது. கம்பெனி பங்கிலிருந்து 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், மீதி பி.எஃப். கணக்கில் சேரும். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம்.

பார்க்க வேண்டியது வேறு ஒன்று. சட்டப்படி 15,000 ரூபாய் வரைக்கும்தான் 12 சதவீதம் கட்டாயம். அதாவது மாதம் 1,800 கட்டினாலே போதும். நிறைய கம்பெனிகள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. கிண்டி கம்பெனி அப்படித்தான். அங்கே பேசிக் 37,000, ஆனால் பி.எஃப். 1,800தான். அதனால் அந்த லெட்டரில் மாதச் சம்பளம் 74,000, கையில் வருவது 72,000-க்குக் கொஞ்சம் குறைவு. பத்தரை லட்சம் ஆஃபர் 14 லட்சம் ஆஃபரைவிட மாதம் 2,000 கூடுதலாகக் கையில் தருகிறது! இதைப் பார்த்ததும் அவள் கிண்டி பக்கம் சாய்ந்துவிட்டாள். அவசரப்படாதே என்றேன். சோழிங்கநல்லூரில் இரண்டு பங்கும் சேர்த்து மாதம் 9,600 அவள் பெயரில் சேர்கிறது, கிண்டியில் 3,600. கையில் வருவதை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

பேசிக் கூட இருந்தா நல்லதா, குறைச்சலா இருந்தா நல்லதா?

பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் பேசிக்கை வைத்துத்தான் ஓடுகின்றன. பேசிக் கூடினால் பின்னால் கிடைப்பது கூடும், கையில் வருவது குறையும். வாடகை வீட்டில் இருந்து, தங்கை கல்லூரிக் கட்டணமும் கட்டுகிற பிள்ளைக்குக் கையில் வருவதுதான் முக்கியமாக இருக்கலாம். அதில் தப்பில்லை.

முன்பெல்லாம் பேசிக்கை 30, 35 சதவீதத்துக்கு அமுக்கிவிட்டு மீதியை அலவன்ஸ் என்று எழுதுவார்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கில் சேரும். அதனால் இப்போது வரும் லெட்டர்களில் பேசிக் பாதியை ஒட்டி இருப்பதைப் பார்க்கலாம்.

கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் வேணும்கிறாங்க. நான் ரெண்டு வருஷத்துல மாறிடுவேன். எனக்கு அந்த 23,088?

கிடையாது. நிரந்தர வேலையில் தொடர்ந்து ஐந்து வருடம் இருந்தால்தான் அந்தப் பணம். அதற்கு முன் விலகினால், சி.டி.சி.யில் வருடா வருடம் காட்டிய தொகை கம்பெனியிடமே தங்கிவிடும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வருபவர்களுக்கு மட்டும் புதிய சட்டத்தில் ஒரு வருடம் போதும். கணக்கு இதுதான்: ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம், மாதம் என்பது 26 நாள். பேசிக்கில் 4.81 சதவீதம் என்று வரும். இரண்டு வருடத்தில் மாறுவேன் என்று உனக்கே தெரிந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கூட்டிப் பார்.

வேரியபிள்னா வருஷக் கடைசியில வர்ற போனஸ்தானே?

எங்கள் பகுதியில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. எண்ணூர், மணலி ஆலைகளில் வேலை பார்த்த அப்பாக்களுக்குப் போனஸ் என்றால் தீபாவளி போனஸ். அது சட்டம் சொல்லும் போனஸ்: தகுதி உள்ள தொழிலாளிக்குக் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. கம்பெனி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் குறைந்தபட்சத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த நினைப்பிலேயே மகளின் லெட்டரையும் பார்க்கிறார்கள்.

வேரியபிள் அப்படி இல்லை. அவள் லெட்டரில் இருந்த வாசகத்தைத் தமிழில் சொன்னால்: "ஆண்டுக்கு 1,25,000 வரை, கம்பெனியின் செயல்பாடும் தனிநபர் மதிப்பீடும் பொறுத்து, நிர்வாகத்தின் விருப்பப்படி, வழங்கும் தேதியில் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்." இதில் நான்கு கொக்கி இருக்கிறது. "வரை" என்றால் அதற்குக் கீழே எவ்வளவும் இருக்கலாம். கம்பெனி இலக்கை எட்டவில்லை என்றால் நீ எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் குறையும். "விருப்பப்படி" என்று எழுதிவிட்ட பிறகு கேட்டு வாங்குவது கஷ்டம். கடைசிக் கொக்கிதான் நிறைய பேரை மாட்டிவிடுகிறது. மார்ச்சில் வருடம் முடியும், பணம் ஜூன், ஜூலையில் வரும். மே மாதம் ராஜினாமா செய்தவன் பன்னிரண்டு மாதம் உழைத்தும் வெறுங்கையோடு போவான். சில கம்பெனிகளில் நோட்டீஸ் காலத்தில் இருந்தாலே கிடையாது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி "வேரியபிள் எவ்வளவு" என்பது அல்ல. "போன இரண்டு வருடமும் இந்தப் பதவியில் இருந்தவர்களுக்குச் சராசரியாக எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?" கிண்டிக்காரர்கள் 90 என்றார்கள், அங்கே வேலை பார்க்கும் அவளுடைய சீனியரும் அதையே சொன்னார். சோழிங்கநல்லூரில் பதில் வரவில்லை. பதில் வராத இடத்தில் நான் பாதிதான் போடுவேன்.

ஜாய்னிங் போனஸ் வாங்கிக்கலாமா? அதுலயும் கொக்கி இருக்குமா?

வாங்கிக்கொள், ஆனால் செலவழிக்காதே. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று ஏறக்குறைய எல்லா லெட்டரிலும் இருக்கும். இருந்த மாதங்களைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்பார்களா, முழுதாகவே கேட்பார்களா என்று பார்க்க வேண்டும்.

இதில் நானே அடிபட்டவன். என் இரண்டாவது வேலையில் 50,000 கொடுத்தார்கள். வரி பிடித்தது போக என் கணக்கில் ஏறியது 39,600. பத்தாவது மாதம் வீட்டுச் சூழ்நிலையால் விலகினேன். திருப்பிக் கேட்டது முழு 50,000. இடையில் நிதியாண்டு மாறிவிட்டதால் பிடித்த வரியைக் கம்பெனியில் சரிசெய்யவும் முடியாது என்றார்கள். என் கைக்கே வராத 10,400 ரூபாயை என் கையிலிருந்து கட்டினேன். பேரோல் படித்தவனுக்கே இந்தக் கதி. "வரி போகக் கையில் வந்த தொகை" என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துக்கு முன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இன்னொன்று. இது முதல் வருடத்தின் பணம். இரண்டாம் வருடம் இது இருக்காது, அந்த 80,000-க்கு ஈடாகும் அளவுக்குச் சம்பளம் ஏறினால்தான் பழைய வரவே நிற்கும்.

ஈசாப் 8 லட்சம்னு போட்டிருக்காங்க. நாலு வருஷத்துல 8 லட்சம் கிடைக்கும்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் அரை மணி நேரம் ஆகும், டீ இன்னொன்று சொல்லிவிட்டுத் தொடங்குவேன்.

அவள் அனெக்ஸரில் வருடத்துக்கு 2 லட்சம், நான்கு வருடத்துக்கு 8 லட்சம். ரூபாயில் மட்டும் எழுதியிருந்தார்கள். ஈசாப்பை ரூபாயில் எழுதுவது நண்டை ஓட்டோடு நிறுத்து விலை சொல்வது போல. உள்ளே எவ்வளவு சதை என்று தெரிய இரண்டு எண் வேண்டும்: மொத்தம் எத்தனை ஆப்ஷன், அதாவது எத்தனை பங்கு வாங்கும் உரிமை, ஒவ்வொன்றுக்கும் எக்சர்சைஸ் விலை எவ்வளவு. எக்சர்சைஸ் விலை என்பது பின்னாளில் அந்தப் பங்கை உன் பெயருக்கு மாற்றிக்கொள்ள நீ கட்ட வேண்டிய விலை.

மெயில் போட்டுக் கேட்டதில் வந்த பதில்: 2,000 ஆப்ஷன், பங்கின் இப்போதைய மதிப்பு 400 ரூபாய், எக்சர்சைஸ் விலை 300 ரூபாய். 2,000-ஐ 400-ஆல் பெருக்கித்தான் 8 லட்சம் காட்டியிருக்கிறார்கள். ஆனால் 400 ரூபாய்ப் பங்கை வாங்க 300 கட்ட வேண்டும் என்றால் அவளுக்கு ஒரு பங்கில் நிற்பது 100. ஆக 8 லட்சம் அல்ல, இன்றைய மதிப்பில் 2 லட்சம். வருடத்துக்கு 50,000. எக்சர்சைஸ் விலையும் 400-ஆக இருந்திருந்தால் இன்றைய மதிப்பு பூஜ்யம், இனிமேல் விலை ஏறினால்தான் ஏதாவது. எக்சர்சைஸ் விலையை ஒரு ரூபாய், பத்து ரூபாய் என்று வைக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. அங்கே காட்டிய தொகைக்கு ஏறக்குறைய முழு அர்த்தம் உண்டு.

அடுத்தது வெஸ்டிங், அதாவது ஆப்ஷன்கள் எப்போது உன் உரிமையாகின்றன என்பது. அவளுக்கு வருடத்துக்கு 500 வீதம் நான்கு வருடம். முதல் வருடம் முடியும் நாள் வரை ஒன்றும் கிடையாது, அதைக் கிளிஃப் என்பார்கள். கொடுத்த தேதியிலிருந்து முதல் வெஸ்டிங்குக்குக் குறைந்தது ஒரு வருடம் இடைவெளி வேண்டும் என்பது கம்பெனிச் சட்ட விதியே. பதினோராவது மாதம் விலகினால் பூஜ்யம்.

இப்போது முக்கியமான இடம். மூன்று வருடம் கழித்து அவள் விலகுகிறாள் என்று வைப்போம். அவளுக்கு வெஸ்ட் ஆனது 1,500 ஆப்ஷன். கம்பெனி நன்றாக வளர்ந்து பங்கின் மதிப்பு 700 ஆகிவிட்டது. நல்ல செய்திதானே? விலகிய 90 நாளுக்குள் எக்சர்சைஸ் செய்யாவிட்டால் உரிமை போய்விடும் என்று திட்ட ஆவணத்தில் இருக்கிறது. அப்படிச் செய்ய 1,500-க்கு 300 வீதம் 4,50,000 கட்ட வேண்டும். அதோடு முடியவில்லை. 700-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசம் 400, 1,500 பங்குக்கு 6 லட்சம். பங்கை விற்காவிட்டாலும் இந்த 6 லட்சம் அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். அப்போது அவள் சம்பளம் 12 லட்சம் என்றும் வரி விகிதங்கள் இன்றுள்ளபடியே என்றும் வைத்தால், ஈசாப் இல்லாமல் வரி பூஜ்யம். ஈசாப்போடு வரிக்குரிய வருமானம் 17,25,000, வரி செஸ்ஸோடு 1,50,800. இரண்டையும் கூட்டினால் 6,00,800. ஆறு லட்சத்தைக் கையிலிருந்து எடுத்து வைத்தால், பங்குச் சந்தையில் இல்லாத, நினைத்தபோது விற்க முடியாத 1,500 பங்கு கிடைக்கும்.

காசிமேட்டு வீட்டில் ஆறு லட்சம் சும்மா இருக்காது. அதனால் அந்த 90 நாளில் நிறைய பேர் உரிமையை விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அரசு அங்கீகாரத்தோடு வரிச் சலுகைக்கும் தகுதி பெற்ற ஸ்டார்ட்டப் என்றால் இந்த வரியைத் தள்ளிப்போடலாம். ஆனால் வேலையை விட்டால் அந்தச் சலுகையும் அங்கேயே முடிகிறது. ஆகவே ஈசாப் லெட்டரில் நான் முதலில் தேடுவது ஆப்ஷன் எண்ணிக்கையைக்கூட இல்லை, விலகிய பிறகு எத்தனை நாள் அவகாசம் என்பதை. சில கம்பெனிகள் வருடக்கணக்கில் தருகின்றன.

ஆனா ஃப்ரெஷ்வொர்க்ஸ்ல ஐநூறு பேர் கோடீஸ்வரன் ஆனாங்களே?

ஆனார்கள். சென்னையில் வளர்ந்த அந்தக் கம்பெனி 2021 செப்டம்பரில் அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது, இந்தியாவில் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனதாக நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதமே சொன்னார். அதில் கவனிக்க வேண்டிய சொல் "பட்டியலானபோது". சந்தையில் வந்த பங்கை வாங்க ஆள் இருக்கிறது. பட்டியலாகாத கம்பெனியின் பங்கை விற்க வேண்டுமென்றால், பெரும்பாலும் கம்பெனியே எப்போதாவது திரும்ப வாங்கினால்தான் உண்டு. "இதுவரை ஊழியர் பங்கைத் திரும்ப வாங்கியிருக்கிறீர்களா, எந்த வருடம்?" என்று கேட்கலாம். அவளுக்கு வந்த பதில் "இல்லை, திட்டத்தில் இருக்கிறது".

இந்த மாதிரிப் பங்கை என் கூட்டலில் நான் சேர்ப்பதில்லை. வந்தால் லாட்டரி, வராவிட்டால் நஷ்டம் இல்லை என்கிற இடத்தில் வைத்துவிடுவேன். என்னைவிடத் துணிந்தவர்கள் வேறு மாதிரி போடலாம்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லா கம்பெனியிலயும்தான் குடுக்குறாங்க. அதுல என்ன பார்க்கணும்?

அவள் அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை இருக்கிறது. இதுவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறார். சோழிங்கநல்லூர் கம்பெனியின் காப்பீடு 3 லட்சத்துக்கு, அவளுக்கும் கணவர், பிள்ளைகளுக்கும் மட்டும். கிண்டி கம்பெனியில் 4 லட்சம், பெற்றோரும் சேர்த்து. அனெக்ஸரில் இரண்டுக்கும் பிரீமியம் தொகையில் ஐயாயிரம்கூட வித்தியாசம் இல்லை. வீட்டுக்கு இருக்கும் வித்தியாசம் பெரிது.

காரணம் இது. அப்பாவுக்குத் தனியாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். கம்பெனி எடுக்கும் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு கிடையாது, சேர்ந்த நாளிலிருந்தே செல்லும். பெற்றோர் இருவருக்கும் வெளியில் 4 லட்சத்துக்குக் கேட்டதில் அவளிடம் சொன்ன விலை வருடத்துக்கு 42,000.

பெற்றோர் சேர்ந்திருந்தாலும் இரண்டு இடத்தைப் பார்: அவர்கள் பில்லில் பத்து, இருபது சதவீதம் நாமே கட்ட வேண்டும் என்று இருக்கிறதா, அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா. 3 லட்சத்தில் ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய் அறைதான். அதற்கு மேலான அறையில் படுத்தால் அறை வாடகையோடு நிற்காமல் மற்றச் செலவுகளையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுவார்கள்.

சரி, கடைசியா ரெண்டு ஆஃபரையும் எப்படி ஒப்பிட்டீங்க?

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில். மாதச் சம்பளத்தையும் கம்பெனி பங்கு பி.எஃப்.பையும் கூட்டினால் சோழிங்கநல்லூர் 9,57,600, கிண்டி 9,09,600. வித்தியாசம் 48,000. வேரியபிளில் சோழிங்கநல்லூருக்குப் பாதி, 62,500. கிண்டியில் ஒரு லட்சத்துக்கு 90 சதவீதம், 90,000. இதைச் சேர்த்ததும் வித்தியாசம் 20,500-ஆகக் குறைந்தது. பெற்றோர் காப்பீட்டுக்கு 42,000 தனியாகக் கட்டினால் சோழிங்கநல்லூர் 21,500 பின்னால் போகிறது.

அப்புறம் பயணம். தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். சோழிங்கநல்லூருக்கு இன்னும் மெட்ரோ பாதை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பஸ், ஷேர் ஆட்டோ என்று மாதம் 2,000 கூடுதல், வருடத்துக்கு 24,000. இப்போது 45,500 பின்னால். முதல் வருடம் மட்டும் ஜாய்னிங் போனஸ் 80,000 வந்து 34,500 முன்னால் தள்ளுகிறது, இரண்டாம் வருடம் மறுபடி பின்னால். மேலே ஈசாப், இன்றைய காகித மதிப்பில் வருடத்துக்கு 50,000.

ஆக மூன்றரை லட்சம் வித்தியாசம் என்று தெரிந்த இரண்டு ஆஃபரும் கிட்டத்தட்ட ஒரே எடை. இதற்குப் பிறகு வேலை எது பிடித்திருக்கிறது என்று பார்க்கலாம். அவளுக்குச் சோழிங்கநல்லூர் வேலைதான் பிடித்திருந்தது.

என் தம்பிக்கு மணலியில காண்ட்ராக்ட் வேலை, மாசம் 20,000. அவனுக்கும் இதெல்லாம் உண்டா?

ஈசாப்பும் வேரியபிளும் இருக்காது, ஆனால் அவனுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். அவன் பங்கு 0.75 சதவீதம், 150 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 650 ரூபாய். அவனை நம்பி இருக்கும் பெற்றோருக்கும் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பார்க்கலாம். சம்பளச் சீட்டில் 150-க்குப் பதில் 800 பிடித்திருந்தால் முதலாளி பங்கையும் அவன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். பி.எஃப்.பில் பிடிக்கிறார்களே தவிரக் கட்டுகிறார்களா என்று உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து மாதா மாதம் பார்க்கச் சொல்.

இவ்வளவு கேட்டா ஆஃபரையே கேன்சல் பண்ணிட மாட்டாங்களா?

மரியாதையாகக் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்ப வாங்கியதை என் பதினோரு வருடத்தில் நான் பார்த்ததில்லை. போனில் கேட்காதே, மெயிலில் கேள். போனில் சொன்னதைச் சொன்னவரே மூன்று மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அவள் அனுப்பியது நான்கு வரி: ஆப்ஷன் எண்ணிக்கையும் எக்சர்சைஸ் விலையும், விலகிய பின் எத்தனை நாள் அவகாசம், போன இரண்டு வருட வேரியபிள் சதவீதம், பெற்றோரைக் காப்பீட்டில் சேர்க்க வழி உண்டா. இரண்டாவது மெயிலில் ஒரு கோரிக்கை: வேரியபிளில் 60,000-ஐ எடுத்து மாதச் சம்பளத்தில் சேருங்கள். மொத்த சி.டி.சி. மாறாது என்பதால் இதற்குச் சம்மதிப்பது அவர்களுக்கு எளிது. சம்மதித்தார்கள். பெற்றோரையும் வருடம் 18,000 அவளே கட்டினால் குழுக் காப்பீட்டில் சேர்க்கலாம் என்றார்கள். ஈசாப்பில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

சேர்ந்த பிறகு பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கா?

முதல் சம்பளச் சீட்டை அனெக்ஸருக்குப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்க்க வேண்டும். அவளுக்குச் சம்பளம் 80,000, பிடித்தம் போக 75,000 வந்திருக்க வேண்டும். வந்தது 78,000. மூவாயிரம் கூட வந்திருக்கிறது என்று அவள் அம்மா வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டார்கள்.

சீட்டைப் பார்த்தால் பி.எஃப். 4,800-க்குப் பதில் 1,800. அவள் பங்கு குறைந்ததால் கையில் 3,000 கூடிவிட்டது. ஆனால் கம்பெனி பங்கும் 1,800 ஆகியிருந்தது. அனெக்ஸரில் இருந்த மீதி 3,000 எந்த வரியிலும் இல்லை. பழையபடி 4,800 கட்ட வேண்டும், அல்லது அந்த 3,000-ஐ அலவன்ஸாகத் தர வேண்டும். அனெக்ஸரை இணைத்து மெயில் போட்டாள். சாஃப்ட்வேரில் தவறான டிக் என்று பதில் வந்தது. அடுத்த மாதம் 4,800 பிடித்தார்கள், முந்தைய மாத பாக்கியையும் சேர்த்துப் பி.எஃப். கணக்கில் போட்டார்கள். அந்த மாதம் கையில் 72,000தான் வந்தது, மீன் குழம்புக்குப் பதில் கருவாடு.